டியூஷன் சென்டர் பக்கங்கள் கூகுளில் கிடைக்க: வடசென்னை மையங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்க சைட்ல 'சர்வீசஸ்'னு ஒரே பக்கத்துல எல்லா வகுப்பையும் போட்டிருக்கோம். அது போதாதா?

போதாது. கூகுள் தனித்தனிப் பக்கங்களைத்தான் எடைபோட்டு வரிசைப்படுத்துகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு அம்மா `10th maths tuition tondiarpet` என்று தட்டுகிறார். உங்கள் சர்வீசஸ் பக்கத்தில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை, ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், இந்தித் தேர்வு வகுப்பு எல்லாம் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அதில் ஒரே ஒரு வரி. அந்தத் தேடலுக்கு இந்தப் பக்கம்தான் பொருத்தமானது என்று கூகுள் நினைக்கக் காரணமே இல்லை. அந்த அம்மா தப்பித்தவறி உள்ளே வந்தாலும், தனக்கு வேண்டியதைத் தேடிக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அப்போ ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனிப் பக்கம் போடணுமா?

அப்படிப் போட்டால் அறுபது பக்கம் வரும். வகுப்பு எண்ணும் பாடத்தின் பெயரும் மட்டும் மாறி, மற்றதெல்லாம் ஒரே வாசகமாக இருக்கும். அதனால் பயனில்லை.

பேட்ச், நேரம், கட்டணம், ஆசிரியர் ஆகியவை வேறாக இருந்து, இன்னொரு பக்கத்துக்குப் பொருந்தாத விஷயம் எழுத இருந்தால் மட்டுமே தனிப் பக்கம் போடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பாடமும் ஒரே ஆசிரியர் நடத்தினால் அது ஒரு பக்கம். ஆறு முதல் ஒன்பது வரை இன்னொன்று. பத்தாம் வகுப்புக் கணக்குக்குத் தனி. பிளஸ் ஒன், பிளஸ் டூ காமர்ஸ் குரூப்புக்கு அக்கவுண்டன்சி சொல்லித்தருகிறீர்கள் என்றால் அது தனி. ஒரு நடுத்தர மையத்துக்கு நான்கைந்து பக்கம் போதும்.

சேர்க்கை அதிகம் வரும் பேட்ச்சின் பக்கத்தை முதலில் எழுதுங்கள். இனி வரும் பதில்களுக்கெல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: தண்டையார்பேட்டையில் ஒரு மையம், பத்தாம் வகுப்புக் கணக்கு, சமச்சீர் பாடத்திட்டம், ஆங்கில வழி.

பக்கத்தைத் தமிழ்ல எழுதுறதா, இங்கிலீஷ்ல எழுதுறதா?

பேட்ச் எந்த வழிக்கல்வியோ அந்த மொழியில் எழுதுவது எளிய தீர்வு. ஆங்கில வழிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். அவர்களுக்கு எளிமையான ஆங்கிலப் பக்கம். தமிழ் வழி பேட்ச் தனியாக இருந்தால் அதற்குத் தமிழ்ப் பக்கம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. உள்ளே முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு, தேடல் முடிவில் தலைப்பாகக் காட்டப்படும் டைட்டிலை மட்டும் ஆங்கிலத்தில் வைப்பது. பக்கத்தின் மொழியும் டைட்டிலின் மொழியும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் தாங்களே வேறு டைட்டில் காட்டக்கூடும் என்று கூகுள் 2022-இலேயே அறிவித்தது. நீங்கள் யோசித்து எழுதிய டைட்டில் தேடல் முடிவில் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே பேட்ச்சின் விவரத்தை இரண்டு மொழியிலும் தர விரும்பினால் இரண்டு தனி முகவரிகளில் வைத்து, இரண்டும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்பதை `hreflang` குறிப்பால் (`ta-IN`, `en-IN`) சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு இரண்டு பக்கங்களிலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடும்.

டைட்டில்ல என்ன எழுதணும்? எத்தனை எழுத்து?

பல மையங்களின் எல்லாப் பக்கங்களிலும் டைட்டில் ஒன்றாகவே இருக்கிறது: மையத்தின் பெயரும், கூடவே 'பெஸ்ட் டியூஷன் சென்டர் இன் சென்னை'யும். சென்னை முழுக்கத் தேடுகிறவர் உங்களுக்குத் தேவையில்லை. திருவான்மியூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். வகுப்பு, பாடம், பகுதி, பாடத்திட்டம் என்ற வரிசையில் எழுதிக் கடைசியில் மையத்தின் பெயரைச் சேருங்கள்.

```
<title>10th Standard Maths Tuition in Tondiarpet – State Board | உங்கள் மையத்தின் பெயர்</title>
```

பெயருக்கு முன்னால் உள்ள பகுதி 55 எழுத்து. எழுத்து எண்ணிக்கைக்குக் கூகுள் வரம்பு எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்பக் கடைசிப் பகுதியை வெட்டிக் காட்டும். அதனால்தான் பெயர் கடைசியில். வெட்டுப்பட்டாலும் பெற்றோருக்கு வேண்டிய நான்கு விவரமும் தப்பிவிடும்.

இதில் 'ஸ்டாண்டர்ட்' என்று எழுதியிருப்பது யோசித்துத்தான். மாநிலப் பாடத்திட்டத்துப் பெற்றோர் 'டென்த் ஸ்டாண்டர்ட்' அல்லது 'டென்த் ஸ்டட்' என்பார்கள். சி.பி.எஸ்.இ. பெற்றோர் 'கிளாஸ் டென்' என்பார்கள். சி.பி.எஸ்.இ. பேட்ச்சுக்கான பக்கத்தில் `Class 10` என்று எழுதுங்கள். சமச்சீர் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 'மெட்ரிக்' என்றே தேடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தச் சொல் டைட்டிலில் வேண்டாம். 'மெட்ரிக் பள்ளி மாணவர்களுக்கும் இதே பாடத்திட்டம்தான்' என்று உள்ளே ஒரு வாக்கியம் இருக்கட்டும்.

பக்கத்தின் மேலே தெரியும் பெரிய தலைப்பும் (எச்1) ஏறக்குறைய இதையே சொல்ல வேண்டும். பல தீம்களில் அந்த இடத்தில் 'வெல்கம்' என்றோ மையத்தின் முழக்கமோ இருக்கும். அதை மாற்றுங்கள். பக்க முகவரி சுருக்கமாக `/10th-maths-tuition-tondiarpet/` என்றிருந்தால் போதும். ஏற்கெனவே வேறு முகவரியில் ஓடிக்கொண்டிருக்கும் பக்கம் என்றால் அழகுக்காக மாற்ற வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமானால், பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 ரீடைரக்ட் கட்டாயம்.

மெட்டா டிஸ்கிரிப்ஷன், மெட்டா கீவேர்ட்ஸ் ரெண்டும் போடணுமா?

கீவேர்ட்ஸ் வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே சொல்லிவிட்டது.

டிஸ்கிரிப்ஷனும் பக்கத்தை மேலே ஏற்றாது. ஆனால் முடிவில் டைட்டிலுக்குக் கீழே அது காட்டப்பட்டால், தட்டுவதா வேண்டாமா என்று பெற்றோர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். எனவே பெருமை பேசாமல் நேரத்தையும் நாளையும் எழுதுங்கள்.

```
<meta name="description" content="Samacheer 10th maths, English medium, near Tondiarpet metro. Mon, Wed, Fri 6–7.30 pm. Batch size, fees and demo class details.">
```

சில தேடல்களுக்குக் கூகுள் இதை விட்டுவிட்டு உங்கள் பக்கத்திலிருந்தே வேறு வரிகளை எடுத்துக் காட்டும். அது கோளாறு இல்லை.

Tondiarpet-ஆ Thondiarpet-ஆ? வண்ணாரப்பேட்டையை ஆளுக்கொரு விதமா எழுதுறாங்களே?

மேப்பில் உங்கள் மையத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் முகவரியில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே டைட்டிலிலும் தலைப்பிலும் வையுங்கள். `Washermanpet`, `Washermenpet`, `Vannarapettai` எல்லாம் ஒரே இடம்தான் என்பதைப் பெரும்பாலும் கூகுளே புரிந்துகொள்கிறது. முகவரிப் பத்தியில் மற்றொரு எழுத்துக்கூட்டல் ஒருமுறை இயல்பாக வந்தால் போதும். `tution` என்ற பிழையை வேண்டுமென்றே பக்கத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேடலைக் கூகுள் தானே திருத்திக்கொள்ளும். எழுத்துப்பிழையுள்ள டியூஷன் பக்கத்தைப் பார்க்கும் பெற்றோர் என்ன நினைப்பார் என்பதையும் யோசியுங்கள்.

பக்கத்துக்குள்ள என்ன எழுதுறதுன்னே தெரியல. 'தரமான கல்வி, தனிக்கவனம்' தவிர எதுவும் வரமாட்டேங்குது.

பெற்றோர் போனில் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் குறித்துவையுங்கள். வரவேற்பில் உட்காரும் அக்காவிடம் ஒரு நோட்டுக் கொடுத்தால் போதும். எத்தனை மணிக்கு விடுவீர்கள், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், யார் எடுக்கிறார்கள், வாரம் எத்தனை டெஸ்ட், பெண் பிள்ளைகள் இருட்டின பிறகு போக வேண்டியிருக்குமா, நடுவில் சேரலாமா. பக்கத்தின் பொருளடக்கம் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

முதல் பத்தியில் நான்கு வரிக்குள் இது யாருக்கான வகுப்பு, எங்கே, எந்த நாட்கள், எத்தனை மணி என்பது முடிந்துவிட வேண்டும். அதற்குக் கீழேதான் உங்கள் மையத்தை மற்ற மையங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பகுதி: பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்பது.

உதாரணப் பக்கத்துக்கு அதை எழுதிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு அலகுகள். வினாத்தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும். மீதி 16 மதிப்பெண் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும், தலா எட்டு. கணக்கில் திணறும் பிள்ளைக்குக்கூட அந்தப் பதினாறு பயிற்சியால் கைக்கு வரக்கூடியது. அதற்கு நீங்கள் சனிக்கிழமை தனி வகுப்பு வைத்திருந்தால், 'செய்முறை வடிவியலும் வரைபடமும்: சனிக்கிழமைப் பயிற்சி' என்று ஒரு துணைத் தலைப்பு (எச்2) போட்டு, எந்த மாதம் தொடங்குகிறீர்கள், எத்தனை வாரம் நடத்துகிறீர்கள், ஜியோமெட்ரி பாக்ஸும் கிராஃப் ஷீட்டும் யார் கொண்டுவர வேண்டும் என்பதுவரை எழுதுங்கள். எந்த அலகை எந்த மாதம் முடிப்பீர்கள் என்பதை அடுத்த துணைத் தலைப்பில் சொல்லுங்கள். பள்ளியில் இயற்கணிதம் போய்க்கொண்டிருக்கும்போது டியூஷனில் என்ன நடக்கிறது என்பது பெற்றோருக்கு உண்மையான கவலை.

இப்படி எழுதினால் 'சமச்சீர்', 'செய்முறை வடிவியல்', 'வரைபடம்', 'பொதுத்தேர்வு' போன்ற சொற்கள் தாமாக வந்துவிடும். 'தண்டையார்பேட்டை டியூஷன்' என்பதை இத்தனை முறை எழுத வேண்டும் என்று ஒரு கணக்கும் கிடையாது. ஒரே சொற்றொடரை வரிக்கு வரி திணிப்பதைக் கூகுளின் விதிகள் ஸ்பாம் என்றே வகைப்படுத்துகின்றன. எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஒரு பெற்றோரிடம் நேரில் அப்படிப் பேசமாட்டீர்கள் என்று தோன்றும் வரியை எடுத்துவிடுங்கள்.

ஃபீஸைப் பக்கத்துல போட்டா பக்கத்து சென்டர்காரங்க பாத்துடுவாங்களே?

அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கட்டணம் போடாவிட்டால் நீங்கள் இழப்பது பெற்றோரைத்தான். 'fees' என்று சேர்த்துத் தேடுகிறவர்களுக்கு உங்கள் பக்கத்தில் பதிலே இல்லாமல் போகிறது. மாதக் கட்டணம், எதெல்லாம் அதில் அடங்கும், டெஸ்ட் பேப்பருக்குத் தனியாக வாங்குவீர்களா என்பதை மூன்று வரியில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும் என்றால் 'இவ்வளவு முதல்' என்றாவது போடுங்கள்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி எல்லாத்துக்கும் ஒவ்வொரு பக்கம் போட்டுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

அங்கெல்லாம் உங்களுக்குக் கிளை இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் வேண்டாம். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே இடத்துக்கு ஆளை இழுக்கும் பக்கங்களை 'டோர்வே' பக்கங்கள் என்று கூகுளின் ஸ்பாம் விதிகள் குறிப்பிடுகின்றன. இதனால் அந்தப் பக்கங்கள் மட்டுமின்றி முழு தளமும் பின்னுக்குப் போகலாம். விதியை விட்டாலும், வியாசர்பாடியில் மையம் இருக்கிறது என்று நம்பி வந்த பெற்றோருக்கு முகவரி தண்டையார்பேட்டை என்று தெரிந்தால் அடுத்த கேள்வியே கேட்கமாட்டார்.

அந்தப் பகுதிப் பிள்ளைகள் உண்மையிலேயே வருகிறார்கள் என்றால், இருக்கும் பக்கத்திலேயே 'எப்படி வருவது' என்று ஒரு பகுதி எழுதுங்கள். மெட்ரோவில் காலடிப்பேட்டையில் ஏறினால் சுங்கச்சாவடி, புது வண்ணாரப்பேட்டை, அடுத்தது தண்டையார்பேட்டை. இறங்கி எந்தப் பக்கம், எத்தனை நிமிட நடை, அருகில் என்ன கோயில் அல்லது பள்ளி, பேட்ச் முடிந்து பிள்ளை எத்தனை மணிக்கு ரயிலைப் பிடிக்கலாம். ஊர்ப்பெயர்கள் இதில் காரணத்தோடு வருகின்றன. பின்கோடு 600081 முகவரியோடு இருக்கட்டும். அடிக்குறிப்பில் இருபது பகுதிப் பெயர்களைக் கமா போட்டு அடுக்குவது இந்த வேலையைச் செய்யாது.

நோட்டீஸ் அடிச்ச டிசைனையே படமாப் போட்டுட்டேன். எல்லா விவரமும் அதுல இருக்கே?

படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் வாசகமாக நம்ப முடியாது. அதே விவரம் தட்டச்சு செய்த எழுத்தாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம்: அந்த வரியை விரலால் அழுத்திப் பிடித்துக் காப்பி செய்யப் பாருங்கள். சில போன்கள் படத்திலிருந்தும் எழுத்தைப் பிரித்துத் தரும். சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரில் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், நோட்டீஸின் முழு வாசகத்தையும் பக்கத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

போனில் எடுத்த வகுப்பறைப் படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்றே நாலைந்து எம்.பி. வரும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் பொதுவாக 150 கே.பி.க்குள் அடங்கிவிடும். `PageSpeed Insights`-இல் முகவரியைக் கொடுத்து மொபைல் பகுதியைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி திரையில் வரும் நேரம் (`LCP`) 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் உச்சியில் இருக்கும் பெரிய படமோ, ஓடும் ஸ்லைடரோதான் காரணம். கூகுள் மேப்பைப் பக்கத்தின் அடியில் வைத்து `loading="lazy"` கொடுங்கள்.

படத்துக்கு விளக்கமாகக் கோடில் கொடுக்கும் ஆல்ட் வரியில் படத்தில் இருப்பதை எழுதுங்கள்: 'பத்தாம் வகுப்பு மாணவர்கள் வரைபடத் தாளில் பயிற்சி செய்கிறார்கள்'. பிள்ளைகளின் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடாதீர்கள்.

பக்கம் போட்டு ஒரு மாசம் ஆச்சு. கூகுள்ல வரவே இல்லையே?

தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான `Search Console`-இல் உங்கள் தளத்தைச் சேர்த்து, மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டுங்கள். `URL is not on Google` என்று வந்தால் காரணமும் கீழே இருக்கும்.

`Excluded by 'noindex' tag` என்றால் தளத்தைக் கட்டும்போது போட்ட பூட்டை யாரோ திறக்கவில்லை. வேர்ட்பிரஸில் `Settings > Reading`-க்குப் போய் `Discourage search engines from indexing this site` என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். `Alternate page with proper canonical tag` என்று வந்து, இதுதான் மூலப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் அந்த கனானிக்கல் குறிப்பு உங்கள் முகப்புப் பக்கத்தைக் காட்டினால், எஸ்.இ.ஓ. பிளகினில் தவறான அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியையே கனானிக்கலாகக் காட்ட வேண்டும். `Crawled - currently not indexed` என்றால் கூகுள் படித்துப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டது. பக்கத்தில் புதிதாக எதுவும் இல்லை என்பதற்கு இது வழக்கமான அறிகுறி. முன்பு சொன்ன போன் கேள்வி நோட்டுக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று அடிக்கடி தவறிப்போகிறது: புதுப் பக்கத்துக்கு முகப்பிலிருந்து இணைப்பே இருக்காது. முகப்பிலும் ஒன்பதாம் வகுப்புப் பக்கத்திலும் `10th Standard Maths Tuition` என்ற சொற்களிலேயே இணைப்புக் கொடுங்கள். 'ரீட் மோர்' என்ற இணைப்பு கூகுளுக்கும் எதையும் சொல்லாது, பெற்றோருக்கும் சொல்லாது. எல்லாம் சரிசெய்த பிறகு `Request Indexing` ஒருமுறை போதும்.

ஸ்கீமா கோட் போட்டா ஸ்டார் வருமாமே?

ஸ்கீமா என்பது பக்கத்தின் விவரங்களைக் கூகுளுக்குப் புரியும் வடிவில் தரும் கோட். உங்களைப் பற்றி உங்கள் தளத்திலேயே நீங்கள் வைத்திருக்கும் விமர்சனங்களுக்குக் கூகுள் நட்சத்திரம் காட்டுவதை 2019-இல் நிறுத்திவிட்டது. கேள்வி-பதில் ஸ்கீமாவையும் 2023-இல் பெரிய அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. `LocalBusiness` ஸ்கீமாவில் பெயர், முகவரி, போன், நேரம் போடுவது நல்லதுதான். அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நகருங்கள். 'ஸ்டார் வரவைப்பேன்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

'tuition near me'னு தேடினா மேப்ல மேல வரணும். டைட்டில்ல 'near me' சேத்துடலாமா?

சேர்க்க வேண்டாம். தேடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கூகுள் போனிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மேப் வரிசையைத் தீர்மானிப்பவை தேடலோடு பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்ற மூன்றும். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. இந்தப் பக்கங்கள் உதவுவது பொருத்தத்துக்கு. பெயர், முகவரி, போன் எண் மூன்றும் தளத்திலும் பிசினஸ் புரொஃபைலிலும் ஒன்றாகவே இருக்கட்டும். பழைய எண் அடிக்குறிப்பில் தங்கிவிடுவது மிகச் சாதாரணமான தவறு.

வருஷா வருஷம் புதுப் பக்கம் போடணுமா?

முகவரி அதுவே இருக்கட்டும். உள்ளே மட்டும் மாற்றுங்கள். அதனால்தான் முகவரியில் ஆண்டைச் சேர்க்கவில்லை. மார்ச்சுக்குள் அடுத்த ஆண்டு பேட்ச் நேரமும் கட்டணமும் ஏறிவிட வேண்டும். பெற்றோர் மே, ஜூனில் தேடும்போது எழுதத் தொடங்கினால் கூகுள் அதை எடுத்துக்கொள்ளவே சில வாரங்கள் போய்விடும். தேதியை மட்டும் மாற்றிவைப்பதால் பயனில்லை. தேர்வு முறை மாறியதா என்று பாருங்கள்: பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து இல்லை; 'பிளஸ் ஒன் பப்ளிக் எக்ஸாம் கோச்சிங்' என்று இன்னும் உங்கள் தளத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

`Search Console`-இல் `Performance` திறந்து, `Page` வடிகட்டியில் இந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, `Queries` பாருங்கள். மாற்றம் செய்த தேதியைக் குறித்துவைத்து, ஆறு வாரம் கழித்து முந்தைய ஆறு வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஏப்ரலை ஜூனோடு ஒப்பிட்டால் சேர்க்கைக் காலத்தின் ஏற்றத்தைத்தான் பார்ப்பீர்கள். ஓராண்டு ஆனபின் போன ஜூனோடு இந்த ஜூனை ஒப்பிடுவது சரி. 16 மாதத் தரவு அங்கே இருக்கும்.

`tondiarpet`, `washermanpet` என்று பகுதிப்பெயரோடு வரும் தேடல்களில் இம்ப்ரெஷன், அதாவது உங்கள் பக்கம் முடிவுகளில் காட்டப்பட்ட எண்ணிக்கை ஏறி, கிளிக் ஏறவில்லை என்றால் ஒன்று நீங்கள் இன்னும் கீழே இருக்கிறீர்கள், அல்லது டைட்டில் ஈர்க்கவில்லை. இரண்டில் எது என்பதை `Position` எண் சொல்லிவிடும். மாறாக `10th maths question paper` போன்ற தேடல்களில் தமிழ்நாடு முழுக்க இம்ப்ரெஷன் குவிந்தால், பக்கத்தில் வினாத்தாள் பேச்சு கூடிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைத் தனிக் கட்டுரையாகப் பிரித்துவிடுங்கள்.

ஒரு பகுதிக்குள் நடக்கும் தேடல் என்பதால் எண்கள் சிறிதாகத்தான் இருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் பட்டியலில் காட்டுவதுமில்லை. எனவே பட்டியலில் உள்ளதைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவராது. போனில் விசாரிக்கிறவர்களிடம் 'எங்கே பார்த்தீங்க?' என்று கேட்டு, அதே நோட்டில் இன்னொரு பத்தியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.